வெள்ளை, டார்க், ஸ்பைஸ்டு: மூன்று ரம்களும் அவற்றுக்கேற்ற குடிமுறைகளும்

ரம் கரும்பிலிருந்து கிடைக்கும் மது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்த பிறகு ஆலையில் எஞ்சும் கெட்டியான கரும்பழுப்புப் பாகுக்கு மொலாசஸ் என்று பெயர். உலகில் விற்கும் ரம்மில் பெரும்பங்கு இந்தப் பாகிலிருந்தே வடிக்கப்படுகிறது. மார்ட்டினிக் போன்ற பிரெஞ்சுக் கரீபியத் தீவுகளில் மட்டும் பிழிந்த சாற்றையே புளிக்கவைத்து வடிக்கும் வழக்கம் வலுவாக இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவின் கரும்புத் தோட்டங்களில் வளர்ந்த இந்தத் தொழில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பில் மற்றத் தீவுகளுக்கும் பரவியது.

கடை அலமாரியில் ரம் மூன்று வகையாக நிற்கிறது: நிறமில்லாத வெள்ளை ரம், கரும்பழுப்பு நிற டார்க் ரம், மசாலாப் பொருள்கள் சேர்த்த ஸ்பைஸ்டு ரம். ஆனால் வடிகலனிலிருந்து வெளியே வரும்போது எந்த ரம்மும் தண்ணீரைப்போல நிறமற்றுத்தான் இருக்கும். அதன்பின் அது பீப்பாயில் எவ்வளவு காலம் கிடந்தது, அதிலிருந்து எது வடிகட்டி எடுக்கப்பட்டது, அதில் எது சேர்க்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கான விடையில்தான் வகைகள் பிரிகின்றன. எந்த ரம்மை எப்படிக் குடிப்பது என்பதையும் அந்த விடைகளே தீர்மானிக்கின்றன.

வடிகலன் தரும் அடிப்படை

மொலாசஸைத் தண்ணீரில் கரைத்து ஈஸ்ட் சேர்த்தால் அது புளிக்கத் தொடங்கும். சர்க்கரை ஆல்கஹாலாக மாறுகிறது. கூடவே எஸ்டர் என்னும் மணப்பொருள்களும் உருவாகின்றன. ஒன்றிரண்டு நாளில் புளிப்பை முடித்துக்கொண்டால் மணம் மெல்லியதாக இருக்கும். ஜமைக்காவின் பழைய ஆலைகள் சிலவற்றில் செய்வதுபோல ஒரு வாரத்துக்கும் மேலாகப் புளிக்கவிட்டு, முந்தைய வடிப்பில் மிஞ்சிய புளித்த கழிவுநீரையும் அதில் ஊற்றினால் எஸ்டர்கள் பெருகும். அத்தகைய ரம்மில் கனிந்து அழுகத் தொடங்கிய வாழைப்பழம், அன்னாசி ஆகியவற்றின் வாசம் தூக்கலாக அடிக்கும்.

வடிகலனும் இரண்டு வகை. பானை வடிவச் செப்புக் கலன் ஒவ்வொரு தடவையும் நிரப்பி, காய்ச்சி, காலி செய்ய வேண்டியது. அது மணப்பொருள்களைத் தாராளமாக ஆல்கஹாலோடு சேர்த்து அனுப்பும். உயரமான தூண் வடிவக் கலன் இடைவிடாமல் ஓடக்கூடியது. 1830ஆம் ஆண்டுவாக்கில் ஏனியஸ் காஃபி அதற்குக் காப்புரிமை பெற்ற பிறகு தொழிலில் வேரூன்றியது. அதில் ஆல்கஹால் தூய்மையாகவும் மெல்லியதாகவும் வரும். ஆகவே மூன்று வகைகளுக்குள்ளும் மென்மையானதும் உண்டு, கனமானதும் உண்டு. நிறம் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

வெள்ளை ரம்

வெள்ளை ரம் என்றால் பீப்பாயைப் பார்க்காத ரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். வடித்தவுடன் தண்ணீர் கலந்து பாட்டிலில் அடைக்கும் ரம் ஒரு பிரிவு. ஓரிரு ஆண்டுகள் ஓக் பீப்பாயில் வைத்து, பிறகு கரித்தூள் வழியே வடிகட்டி நிறத்தை நீக்கிய ரம் இன்னொரு பிரிவு. இரண்டாவது முறையைப் பெரிய அளவில் பரப்பியது 1862இல் கியூபாவின் சாந்தியாகோ நகரில் ஃபகுந்தோ பக்கார்டி தொடங்கிய நிறுவனம். பீப்பாய் ரம்மின் முரட்டுத்தன்மையைத் தணிக்கிறது. கரி நிறத்தோடு கனமான வாசங்களையும் உறிஞ்சிவிடுகிறது. எஞ்சுவது லேசான, உலர்ந்த, கொஞ்சம் புல்வாசமும் வெனிலா நெடியும் கலந்த பானம்.

இத்தகைய மெல்லிய வெள்ளை ரம்மை ராவாகக் குடித்தால் ஆல்கஹாலின் எரிச்சல்தான் முன்னால் நிற்கும். ரசிக்க அதிகம் இருக்காது. எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்தால் அதுவே மாறிவிடும். புளிப்பு எரிச்சலை மறைக்கிறது, இனிப்பு புளிப்பைச் சமன்செய்கிறது, ரம்மின் மெல்லிய மணம் இரண்டுக்கும் நடுவே தெரிகிறது. இந்தக் கூட்டணிக்குப் பெயர் டைக்கிரி. சாந்தியாகோவுக்கு அருகில் டைக்கிரி என்ற இடத்தின் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1890களின் கடைசியில் இதை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது.

ஒரு கிளாஸ் டைக்கிரிக்கு 60 மி.லி. வெள்ளை ரம், 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, 15 மி.லி. சர்க்கரைப் பாகு வேண்டும். பாகு என்பது சம அளவு சர்க்கரையையும் தண்ணீரையும் சுட வைத்துக் கரைத்து ஆற வைத்தது. கியூபாவில் பயன்படும் பச்சை நிற லைம் பழத்துக்கு மாற்று தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் சந்தையில் கிடைக்கும் சிறிய எலுமிச்சை அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். மூன்றையும் ஷேக்கரில் ஊற்றி, அதை ஐஸ் கட்டிகளால் நிரப்பி, 10 முதல் 12 விநாடி பலமாகக் குலுக்கி, ஐஸ் விழாமல் வடிகட்டி, முன்பே குளிர வைத்த கிளாஸில் ஊற்ற வேண்டும். குலுக்கும்போது கரையும் ஐஸ் தண்ணீரும் பானத்தின் ஒரு பகுதிதான். குறைவாகக் குலுக்கினால் நாக்கைக் கடிக்கும். வெகுநேரம் குலுக்கினால் நீர்த்துப்போகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உறுதியான, பெரிய கட்டிகள் மெல்லக் கரையும். உருகத் தொடங்கிய ஐஸ் பானத்தைத் தண்ணீராக்கிவிடும்.

இதில் வழக்கமாகக் கெடுவது எலுமிச்சைதான். காலையில் பிழிந்து வைத்த சாறு மாலைக்குள் மங்கிக் கசப்பேறிவிடும். பாட்டிலில் வரும் சாற்றில் செய்த டைக்கிரி தட்டையாக இருப்பதற்கும் இதுவே காரணம். குடிப்பதற்குச் சற்று முன்னால் பிழிவது நல்லது. தோலில் உள்ள கசப்பு எண்ணெய் அதிகம் இறங்காதபடி அளவாகப் பிழிய வேண்டும்.

மொஹீட்டோவும் இதே புளிப்பு, இனிப்புச் சமன்பாட்டில் அமைந்ததுதான்; புதினாவும் சோடாவும் சேர்ந்து அதை நீளமான பானமாக்குகின்றன. 45 மி.லி. ரம், 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, ஆறு புதினாக் கொத்து என்பது வழக்கமான அளவு. புதினாவைச் சர்க்கரையோடு மெதுவாக அழுத்தினால் போதும். துவையலுக்கு இடிப்பதுபோல நசுக்கினால் இலையின் பச்சைக் கசப்பு இறங்கும், துணுக்குகள் பல்லில் மாட்டும்.

வெள்ளை ரம்மிலேயே கனமான பிரிவும் உண்டு. ஜமைக்காவின் ரே அண்ட் நெஃப்யூ ஓவர்ப்ரூஃப் 63 சதவீத ஆல்கஹால் கொண்டது; நிறமே இல்லாவிட்டாலும் பழவாசம் மூக்கைத் துளைக்கும். அதை டைக்கிரியில் 60 மி.லி. ஊற்றினால் வேறெதுவும் தெரியாது. பழச்சாறும் தண்ணீரும் நிறைய சேர்ந்த பஞ்ச் வகைக்கே அது பொருந்தும்.

டார்க் ரம்

டார்க் ரம்மின் சுவையில் பெரும்பகுதி ஓக் மரம் கொடுப்பது. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புதிய ஓக்கில்தான் வைக்க வேண்டும். அதனால் ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய்கள் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. கரீபிய ரம் ஆலைகள் அவற்றையே வாங்குகின்றன. கருகிய மரத்திலிருந்து வெனிலா, தேங்காய், வறுத்த கொட்டை ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் ரம்மில் இறங்குகின்றன. கூடவே டானின் என்னும் துவர்ப்பும் வருகிறது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே போய் முரட்டு வாசங்களை மெல்ல மாற்றுகிறது.

வெப்ப நாடுகளில் இந்த வேலை வேகமாக நடக்கும். ஸ்காட்லாந்தின் குளிர்ந்த கிடங்கில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. கரீபியத்தில் அது 6 சதவீதத்தையும் தாண்டும். அதனால் அங்கே 8 அல்லது 10 ஆண்டு கிடந்த ரம் நன்றாகவே முதிர்ந்திருக்கும். மிக நீண்ட காலம் விட்டால் பீப்பாயில் மிச்சம் இருப்பது குறைவு, துவர்ப்போ அதிகம்.

ஆனால் கறுப்பு நிறம் வயதுக்குச் சான்று ஆகாது. பல ஆண்டு பீப்பாயில் இருந்த ரம்கூடப் பெரும்பாலும் தேன் நிறத்துக்கும் செம்பழுப்புக்கும் இடையில்தான் நிற்கும். காப்பி டிகாக்‌ஷனைப்போலக் கறுத்திருந்தால் அதில் கேரமல் நிறமூட்டி சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சில தயாரிப்புகளில் மொலாசஸும் சேரும். இது ஏமாற்று அல்ல. பிரிட்டிஷ் கடற்படை ரம்மின் காலத்திலிருந்து வரும் பாணி அது. வயதை அறிய லேபிளைத்தான் படிக்க வேண்டும். பார்படோஸ், ஜமைக்கா ரம்களில் அச்சிட்ட எண், கலவையிலுள்ள மிக இளைய ரம்மின் வயதைக் குறிக்கும். குவாத்தமாலாவின் சக்காபா 23 போன்ற, பல வயது ரம்களை அடுக்கடுக்காகக் கலக்கும் முறையில் செய்தவற்றில் எண் மிக மூத்த ரம்மைக் குறிக்கும். அதன் கலவையில் 6 ஆண்டு ரம்மும் இருக்கிறது. சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: சில துளிகளை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து உலர விட்டால், இனிப்பூட்டிய ரம் பிசுபிசுக்கும், ஊட்டாதது அவ்வளவாக ஒட்டாது.

இந்திய வாசகர்களுக்கு அறிமுகமான டார்க் ரம் மோகன் மீக்கின் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஓல்டு மாங்க். அதில் வெனிலா வாசமும் வெல்லப்பாகை ஒத்த இனிப்பும் முன்னால் நிற்கும். இந்திய ரம்களின் வழக்கமான வலுவான 42.8 சதவீதமே அதற்கும். கோலாவோடு அது நன்றாகக் கலப்பதற்குக் காரணம் உண்டு: இரண்டிலும் கேரமல், வெனிலா சுவைகள் இருக்கின்றன. குறை என்னவென்றால் இரண்டும் இனிப்பு. ஒரு பங்கு ரம்முக்கு இரண்டு பங்கு கோலா என்ற அளவில் நிறுத்தி, கால் எலுமிச்சையைப் பிழிந்தால் தித்திப்பு திகட்டாது.

டார்க் ரம்மைக் குடிக்க மூன்று முறைகள் சிறந்தவை. நன்கு முதிர்ந்த, இனிப்புச் சேராத ரம்மை ராவாகக் குடிக்கலாம். வாய் குறுகிய கிளாஸில் 30 மி.லி. ஊற்றிச் சில நிமிடம் விட்டால் முதலில் எழும் ஆல்கஹால் நெடி தணியும். பிறகு ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டால் அடங்கியிருந்த மணங்கள் மேலே வரும். ஐஸ் போட்டால் குளிர்ச்சி அந்த மணங்களை அமுக்கிவிடும். அப்படியும் வேண்டுமானால் பெரிய கட்டி ஒன்று போதும்.

இரண்டாவது இஞ்சி. இனிப்பும் துவர்ப்பும் உள்ள ரம்மைக் காரமும் புளிப்பும் தாங்கிப் பிடிக்கின்றன. பெர்முடாவில் கோஸ்லிங்ஸ் கறுப்பு ரம்மில் செய்யும் டார்க் அண்ட் ஸ்டார்மி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உயரமான கிளாஸில் ஐஸ் நிரப்பி, 100 மி.லி. ஜிஞ்சர் பீர் ஊற்றி, அதன்மேல் 60 மி.லி. ரம்மை மெதுவாக விட்டால் கருமேகம்போல மிதக்கும். ஜிஞ்சர் ஏல் இதற்கு ஈடாகாது. அதில் இனிப்பு உண்டு, காரம் குறைவு. ஜிஞ்சர் பீர் கிடைக்காத இடத்தில் 10 மி.லி. இஞ்சிச் சாறு, 20 மி.லி. சர்க்கரைப் பாகு, 10 மி.லி. எலுமிச்சைச் சாறு, 100 மி.லி. சோடா என்று கலந்துகொள்ளலாம். இஞ்சிச் சாற்றைச் சிறிது நேரம் அசையாமல் வைத்து அடியில் படியும் வெள்ளை மாவை ஒதுக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் பானம் கலங்கும்.

மூன்றாவது, வெந்நீர். தண்ணீர் கலந்து ரம் குடிக்கும் பழக்கத்துக்குக் கடற்படை வரலாறு உண்டு. பிரிட்டிஷ் மாலுமிகள் அன்றாடப் பங்கு ரம்மை அப்படியே குடித்துக் கிறங்கியதால், அரை பைண்ட் ரம்மோடு ஒரு குவார்ட் தண்ணீர், அதாவது நான்கு பங்கு, கலந்தே கொடுக்க வேண்டும் என்று தளபதி எட்வர்ட் வெர்னன் 1740இல் ஆணையிட்டார். அந்தக் கலவைதான் கிராக். மாலுமிகளுக்கு ரம் வழங்குவது 1970 ஜூலை 31 அன்று நின்றது. இன்று வட இந்தியக் குளிர்காலத்தில் டார்க் ரம்மை வெந்நீரோடு குடிப்பது பரவலான வழக்கம். 45 மி.லி. ரம்முக்கு 120 மி.லி. தண்ணீர் பொருத்தமானது. தண்ணீர் கொதிக்கக் கூடாது. ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸில் ஆவியாகும் என்பதால் கொதிநீர் ஊற்றினால் மேலெழும் ஆவி தொண்டையைக் கமறச்செய்யும். அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு நிமிடம் ஆறிய நீர் சரியாக இருக்கும்.

ஸ்பைஸ்டு ரம்

ஸ்பைஸ்டு ரம்மில் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி, ஆரஞ்சுத் தோல் போன்றவை அல்லது அவற்றின் எசென்ஸ் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும்விடத் தூக்கலாக இருப்பது வெனிலா. கூடவே பெரும்பாலும் சர்க்கரையும் கேரமலும் உண்டு. அடியில் இருப்பது பொதுவாக இளைய, மெல்லிய ரம். சுவையைக் கொடுப்பது மேலே சேர்த்தவை. செயின்ட் லூசியா போன்ற தீவுகளில் வீட்டிலேயே பாட்டிலில் மசாலா போட்டு ஊறவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. தொழிற்சாலைத் தயாரிப்பாக அது பெரிதாகப் பரவியது 1980களில், கேப்டன் மார்கன் ஸ்பைஸ்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்த பிறகு.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ரம் என்று விற்பதற்குக் குறைந்தது 37.5 சதவீத ஆல்கஹால் வேண்டும். மணமூட்டி சேர்க்கக் கூடாது. இனிப்பு லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் போகக் கூடாது. கேப்டன் மார்கன் ஸ்பைஸ்டு போல 35 சதவீதத்தில் வரும் பாட்டில்களை அங்கே ‘ஸ்பிரிட் டிரிங்க்’ என்ற பெயரில் விற்பதற்கு இதுவே காரணம். வாங்குபவர் லேபிளில் முதலில் பார்க்க வேண்டியதும் இந்தச் சதவீதத்தைத்தான்.

இனிப்பும் வெனிலாவும் ஏற்கெனவே உள்ளே இருப்பதால், ஸ்பைஸ்டு ரம்மோடு சேர்ப்பது இனிப்பாக இருக்கக் கூடாது. 45 மி.லி. ரம், 120 மி.லி. சோடா, ஐஸ், ஒரு ஆரஞ்சுத் துண்டு என்ற எளிய கலவையில் மசாலா வாசம் தெளிவாகத் தெரியும். இஞ்சி பானமும் பொருந்தும். எலுமிச்சையை மறக்கக் கூடாது. சூடாக்கிய ஆப்பிள் சாற்றில் ஒரு பங்கு சேர்ப்பது குளிர்காலத்துக்கு ஏற்றது. சர்க்கரை போடாத கருங்காப்பியின் கசப்போடும் அது இணங்கும். கோலாவோடு கலந்தால் மூன்று தித்திப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மசாலா அடியில் போய்விடும்.

வீட்டில் செய்வதானால் 750 மி.லி. ரம்முக்கு ஒரு விரல் நீளப் பட்டை, நான்கு கிராம்பு, அரை வெனிலாக் காய், வெள்ளைப் பகுதி இல்லாமல் சீவிய ஆரஞ்சுத் தோல் இரண்டு பட்டை போதும். பொதுவாகச் செய்யும் தவறு எல்லாவற்றையும் வாரக்கணக்கில் ஊற விடுவது. கிராம்பும் பட்டையும் ஒரே நாளில் தங்கள் எண்ணெயை இறக்கிவிடும். அதன் பிறகு வருவது நாக்கை மரக்கச்செய்யும் கசப்புதான். ஆகவே அந்த இரண்டையும் 24 மணி நேரத்தில் எடுத்துவிட்டு, ஆரஞ்சுத் தோலை மறுநாள் எடுத்து, வெனிலாவை மட்டும் இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டு வடிகட்டலாம். அன்றாடம் ஒரு துளி சுவைத்துப் பார்ப்பதே நம்பகமான அளவுகோல்.

ஒரே செய்முறையில் மூன்று ரம்

மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே டைக்கிரி அளவில் தெளிவாகக் காணலாம். 60, 20, 15 மி.லி. என்ற அளவில் வெள்ளை ரம் சேர்ந்தால் எலுமிச்சையின் புதுமணம் முன்னால் நின்று, ரம் பின்னால் மெல்ல வரும். அதே அளவில் டார்க் ரம் சேர்ந்தால் பீப்பாயின் துவர்ப்பும் எலுமிச்சையின் புளிப்பும் மோதி, கடைசியில் வாய் வறண்டு கசக்கும். பானமும் மங்கலாகத் தெரியும். சாற்றை 15 மி.லி. ஆகக் குறைத்து, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரைப் பாகு சேர்த்தால் இணக்கம் வரும். ஸ்பைஸ்டு ரம் சேர்ந்தால் வெனிலாவும் பாகும் கூடி எலுமிச்சை மிட்டாய்போலத் தித்திக்கும். பாகை 5 மி.லி. ஆக்கி, சாற்றை 25 மி.லி. ஆக உயர்த்தினால் சரியாகும். செய்முறையை மாற்றாமல் பாட்டிலை மட்டும் மாற்றினால் ஏன் சுவை கெடுகிறது என்பது இதில் புரியும்.

அளவு

பெக் ஒன்றே ஆனாலும் உள்ளிருக்கும் ஆல்கஹால் ஒன்றல்ல. 60 மி.லி. அளவில் 35 சதவீத ஸ்பைஸ்டு ரம்மில் சுமார் 17 கிராம், 42.8 சதவீத இந்திய ரம்மில் சுமார் 20 கிராம், 63 சதவீத ஓவர்ப்ரூஃப் ரம்மில் சுமார் 30 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 10 கிராமைக் கரைக்கக் கல்லீரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமாவது வேண்டும். எலுமிச்சையும் இனிப்பும் எரிச்சலை மறைப்பதால் டைக்கிரி, மொஹீட்டோ போன்றவை வேகமாக இறங்கிவிடும். எத்தனை கிளாஸ் என்பதைவிட எத்தனை மி.லி. ரம் என்று கணக்கு வைப்பதே சரி. வெறும் வயிற்றில் குடித்தால் ஏறும் வேகம் கூடும்.

உடல்நலத்துக்குப் பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. கருவுற்றவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், தூக்க மாத்திரை போன்ற மருந்துகள் எடுப்பவர்களும் ரம்மைத் தவிர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது. இந்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மி.லி. இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம்; ஒரு லார்ஜ் ரம்மே பலரை அந்த எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விடும்.